நயாகரா: 11 கிலோமீட்டர் நீளக் கடிகாரம்

தலைப்பைப் பார்த்துட்டு சுற்றுலாப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். படகு, மஞ்சள் மழைக்கோட்டு, வானவில் படம் எதுவும் இங்கே கிடையாது. நயாகராவைப் பார்த்து "இது எத்தனை வருஷமா இங்கே விழுந்துகிட்டு இருக்கு?"ன்னு கேட்டவங்களோட கதை இது. கேட்டவங்க எல்லாருமே கெட்டிக்காரங்க. எல்லாரும் போட்டது ஒரே கணக்கு. ஆனா ஆளாளுக்கு வேற வேற விடை வந்தது. ஏன்னு பார்க்கப்போறோம்.

முதலில் இடத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். ஈரி ஏரியில் இருந்து கிளம்பி வடக்கே ஒண்டாரியோ ஏரிக்குப் போறதுதான் நயாகரா ஆறு. மொத்தமே 58 கிலோமீட்டர். இடையில் நிலம் ஒரு பெரிய படிக்கட்டு மாதிரி சட்டென இறங்குகிறது. அந்தப் படிக்கட்டின் விளிம்பு இருப்பது லூயிஸ்டன் (அமெரிக்கா), குவீன்ஸ்டன் (கனடா) என்ற இரண்டு ஊர்களுக்குப் பக்கத்தில். நியாயமாப் பார்த்தா அருவி அங்கேதான் விழணும். ஆனா அருவி விழறது அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேலே, தெற்கே. இரண்டுக்கும் நடுவில் செங்குத்தான சுவர்களோடு ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. ஆறு அதன் அடியில் ஓடுது.

அப்போ அருவி அந்த விளிம்பில் பிறந்து, பாறையை அரிச்சு அரிச்சு 11 கிலோமீட்டர் பின்னால் நடந்து வந்திருக்கணும். அது நடந்த தடம்தான் அந்தப் பள்ளத்தாக்கு.

"பூகம்பத்துல நிலம் பிளந்து பள்ளம் வந்திருக்கலாமே?"ன்னு கேட்கலாம். இதுக்கு 1841ல் சார்லஸ் லயல் நல்ல சாட்சியம் ஒன்றைக் காட்டினார். பிரிட்டன் நாட்டுக்காரர், அந்தக் காலத்தின் பெரிய புவியியல் அறிஞர். அருவிக்கு மேலே, ஆற்றின் நடுவில் ஆட்டுத்தீவு என்று ஒன்று இருக்கு. அங்கே சரளை மண்ணுக்குள் நன்னீர்ச் சிப்பிகள் கிடைத்தன. அதே மாதிரி சரளையும் சிப்பியும் அருவிக்குக் கீழே சில மைல் தள்ளி, பள்ளத்தாக்குச் சுவரின் உச்சியிலும் கிடைத்தன. இன்றைக்கு ஆறு அந்த உச்சியில் இருந்து ரொம்ப ஆழத்தில் ஓடுகிறது. சிப்பி அங்கே ஏறிப் போகாது. அந்த உயரத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கு, அதாவது அருவி அந்த இடத்தைத் தாண்டி இன்னும் பின்வாங்காத காலம் ஒன்று இருந்திருக்கு என்பதைத் தவிர வேற விளக்கம் இல்லை.

சரி, அருவி ஏன் நடக்குது?

பள்ளத்தாக்குச் சுவரைப் பார்த்தால் கேக் வெட்டின மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். உச்சியில் டோலமைட், சுண்ணாம்புக்கல்லுக்கு உறவுக்காரன், கெட்டியானது. பேர் லாக்போர்ட் அடுக்கு. இப்போ அருவி இருக்கும் இடத்தில் இதன் கனம் சுமார் 80 அடி. அதுக்குக் கீழே ரோச்செஸ்டர் ஷேல். ஷேல் என்றால் கடலடிச் சேறு இறுகி உண்டான பாறை. பேருக்குத்தான் பாறை, நனைஞ்சு காய்ஞ்சா சில்லு சில்லா உதிரும். இவை எல்லாமே 40 கோடி வருஷத்துக்கு முந்தைய கடலில் படிந்தவை.

தண்ணி மேலே இருக்கும் கெட்டிப்பாறையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைக்குதுன்னுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த வழியில் நடக்கும் வேலை ரொம்பக் கொஞ்சம். நடப்பது இதுதான். விழுற தண்ணியும் அது கிளப்பும் சாரலும் கீழே உள்ள ஷேலைத் தாக்குது. குளிர்காலத்தில் அந்த ஈரம் விரிசலுக்குள் உறைஞ்சு விரியுது, கோடையில் உருகுது. ஷேல் உதிர்ந்து உள்ளே குடைஞ்சுகிட்டே போகுது. மேலே கெட்டிப்பாறை தாங்க ஆளில்லாமல் பால்கனி மாதிரி நீட்டிக்கிட்டு நிற்குது. அதிலேயே செங்குத்தான விரிசல்கள் இயற்கையா உண்டு. ஒரு நாள் அந்த விரிசலோடு பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து விழும். அன்றைக்கு அருவி சில அடி பின்னால் போய்விட்டது.

இதை நேரில் பார்த்தவங்க இருக்காங்க. கனடா பக்கம் டேபிள் ராக் என்று ஒரு பாறைத் திட்டு இருந்தது. சுற்றுலாக்காரங்க அதன் நுனியில் நின்றுதான் அருவியைப் பார்ப்பாங்க. 1850 ஜூனில் அதில் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அமெரிக்கப் பக்கம் 1954 ஜூலையில் பிராஸ்பெக்ட் பாயின்டில் இதே கதை. சுமார் 1,85,000 டன் பாறை ஒரே நாளில் கீழே போனது.

ஆக, கெட்டிப்பாறை மேலே இருப்பதால் அருவி செங்குத்தா இருக்கு. மென்பாறை கீழே இருப்பதால் அருவி நகருது. மொத்தமும் மென்பாறையா இருந்திருந்தா படிக்கட்டு எப்பவோ சரிவாகத் தேய்ந்து, வெறும் வேகமான ஆறாகியிருக்கும். மொத்தமும் கெட்டிப்பாறைன்னா இந்த வேகத்தில் நடந்திருக்காது.

இப்போ கணக்குக்கு வருவோம். பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 7 மைல், அதாவது 36,960 அடி. அருவி வருஷத்துக்கு எத்தனை அடி நகருதுன்னு தெரிஞ்சா போதும், வகுத்தால் அருவியின் வயசு வந்துரும். மூணாம் வகுப்புக் கணக்கு.

இந்த விடைக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை இன்றைக்குப் புரிஞ்சுக்கறது கொஞ்சம் கஷ்டம். 17ஆம் நூற்றாண்டில் ஆர்ச்பிஷப் அஷர் பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்று சொல்லியிருந்தார். 19ஆம் நூற்றாண்டில் அச்சான பல பைபிள்களில் அந்த வருஷம் ஓரத்தில் இருந்தது. உலகத்துக்கே 6,000 வயசுதான்னு நம்பும் ஊரில் ஒரே ஒரு பள்ளத்தாக்கு அதைவிட மூத்ததுன்னு வகுத்தல் கணக்கிலேயே காட்ட முடிந்தால்? அதுவும் அது அந்தப் பகுதியின் கடைசி, புத்தம்புது வேலை. கீழே இருக்கும் கடலடிப் பாறைகள் அதுக்கு முன்னாடியே உண்டானவை. அதனால்தான் இத்தனை பேர் அந்த அருவியைச் சுற்றி வந்தாங்க.

சிக்கல் என்னன்னா, வேகம் யாருக்கும் தெரியாது. பழைய ஆவணங்களை நம்பலாமான்னா, 1678ல் அருவியைப் பார்த்த ஹென்னெபின் பாதிரியார், பிறகு 1697ல் வந்த புத்தகத்தில் அதன் உயரம் 600 அடிக்கு மேல் என்று எழுதினார். உண்மையில் 170 அடி வாக்கில்தான். அவர் சொன்ன இடக்குறிப்பை வைத்து எங்கே கணக்குப் போடுவது?

அதனால் உள்ளூர்க்காரங்களைக் கேட்டாங்க. 1790 வாக்கில் ஆண்ட்ரூ எல்லிகாட் என்ற நில அளவையாளர் கேட்டபோது, 30 வருஷத்தில் 20 அடி நகர்ந்திருக்கும்னு பதில் வந்தது. வகுத்தார்: 55,440 வருஷம். அந்தக் கடைசி நாற்பதைக் கவனியுங்க! ஊர்ப் பெரியவங்க கண்மதிப்பாச் சொன்னதை வகுத்து நாலு இலக்கத் துல்லியம்.

1829ல் ராபர்ட் பேக்வெல் வந்தார். 40 வருஷமாக அங்கே குடியிருந்தவர் சொன்னதை வைத்து, வருஷத்துக்கு ஒரு கஜம், அதாவது 3 அடின்னு முடிவு செய்தார். வகுத்தால் சுமார் 12,000 வருஷம். அடுத்து 1841ல் லயல். "வருஷத்துக்கு 3 அடி ரொம்ப ஜாஸ்தி, ஒரு அடிதான் இருக்கும்"னு குறைச்சார். விடை 35,000 வருஷம் ஆச்சு. வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்காதுன்னு அவரே எச்சரிக்கையும் எழுதி வைத்தார். ஆனா ஊர் உலகம் எச்சரிக்கையை விட்டுட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டது. நாமளும் அப்படித்தானே படிக்கிறோம்.

இப்படி ஊகம் பண்ணுவது போதும், அளந்து பார்த்துடலாம்னு முடிவு பண்ணினவர் ஜேம்ஸ் ஹால். நியூயார்க் மாநிலத்தின் புவியியலாளர், லயலோடு நயாகராவைச் சுற்றிப் பார்த்தவர். 1842ல் கருவிகளை வைத்து அருவியின் விளிம்பு முழுவதையும் முறையாக அளந்து வரைபடம் போட்டார். அதனால் அவருக்கு உடனே ஒரு பயனும் இல்லை. ஒரே ஒரு அளவை வைத்து வேகம் சொல்ல முடியாது. பின்னால் வர்றவன் மறுபடி அளந்து ஒப்பிடட்டும் என்று செய்த வேலை அது. பின்னால் வந்தவங்க 1875, 1886, 1890, 1905 என்று மறுபடி மறுபடி அளந்தாங்க.

இந்த எல்லாத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து 1907ல் அறிக்கை எழுதியவர் குரோவ் கார்ல் கில்பர்ட், அமெரிக்க அரசின் புவியியல் துறைக்காரர். 1827லேயே பேசில் ஹால் என்ற கப்பல் கேப்டன், காட்சியைக் காகிதத்தின் மேல் விழவைத்து வரையும் கருவியால் அருவியை வரைந்து வைத்திருந்தார். கில்பர்ட் அதையும் விடவில்லை. அதே இடத்தில் இருந்து எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டார். முடிவு: குதிரை லாட அருவி 1842 முதல் 1905 வரை வருஷத்துக்கு ஏறக்குறைய 5 அடி வீதம் பின்வாங்கியிருக்கு. இது ஓரத்துக் கணக்கு இல்லை, நடுவில் ஆழமா தண்ணி பாயும் இடத்துக் கணக்கு. ஓரம் பெரும்பாலும் அப்படியே நிற்க, நடு மட்டும் உள்ளே போவதால்தான் அது லாட வடிவத்தில் இருக்கு.

அப்போ 36,960 அடியை 5 அடியால் வகுத்தால் 7,400 வருஷம். 55,000ல் ஆரம்பித்து 12,000, 35,000, கடைசியில் நல்லா அளந்த பிறகு 7,400! பனியுகம் முடிந்து அதிக காலம் ஆகவில்லைன்னு வாதாடினவங்களுக்கு இந்தச் சின்ன எண் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஓபர்லின் கல்லூரியில் இறையியலும் படித்துப் புவியியலும் செய்த ஜார்ஜ் பிரெடெரிக் ரைட் அதில் முக்கியமானவர்.

ஆனா அளந்த எண்ணும் தப்பான விடையைத்தான் கொடுத்தது. தப்பு அளவில் இல்லை. பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடு போட்டுட்டு "இன்னும் 4 நிமிடம்"னு வர்றதை நம்பி உட்கார்ந்திருப்போமே, அதே தப்பு. இப்போதைய வேகத்தை எடுத்து முழு நீளத்தையும் வகுத்தால், வேகம் மாறவே இல்லைன்னு மௌனமா ஒரு சத்தியம் பண்ணிட்டோம்னு அர்த்தம்.

வேகம் மாறும் என்பதற்கு ஆதாரம் நயாகராவிலேயே பக்கத்தில் நின்றுகொண்டு இருந்தது. ஆட்டுத்தீவுக்கு ஒரு பக்கம் குதிரை லாட அருவி, இன்னொரு பக்கம் அமெரிக்க அருவி. இரண்டுக்கும் மேலே அதே டோலமைட், கீழே அதே ஷேல். பாறை விஷயத்தில் இரட்டைப் பிள்ளைகள். அதே காலத்துக்கு கில்பர்ட் கண்ட வேகம் லாடத்துக்கு 5 அடி, அமெரிக்க அருவிக்கு வருஷத்துக்கு 3 அங்குலத்துக்கும் குறைவு. இருபது மடங்கு வித்தியாசம்!

காரணம் தண்ணி. ஆற்றின் தண்ணியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அமெரிக்க அருவிக்கு வருது. சாரல் குறைவுங்கறது ஒரு பக்கம். முக்கியமான விஷயம், விழுந்த பாறையை யார் அள்ளுவது என்பது. லாடத்தில் பாய்ற தண்ணி விழுந்த பாறைகளையே சுழற்றி, உரலில் போட்டு அரைக்கிற மாதிரி அரைச்சு, அடியில் ஆழமான குழியும் தோண்டி, ஷேலை மறுபடி மறுபடி அம்பலப்படுத்துது. அமெரிக்க அருவியில் அந்தத் தெம்பு கிடையாது. விழுந்த பாறை விழுந்த இடத்திலேயே மலையா குவிஞ்சு, ஷேலின் காலடியை மூடி, சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்குது. அருவி தன் குப்பையிலேயே மாட்டிக்கிச்சு.

இதை 1969ல் நேரிலேயே பார்த்தாங்க. ஜூன் முதல் நவம்பர் வரை தற்காலிக அணை போட்டு அமெரிக்க அருவியை முழுசா வறள வைத்தாங்க. அந்தப் பாறைக் குவியல் பார்க்க அசிங்கமா இருக்கு, எடுத்துடலாமா என்பதுதான் கேள்வி. ஆராய்ந்து பார்த்ததில் அது சுவரைத் தாங்குது என்று தெரிந்தது. எடுக்காமல் அப்படியே விட்டுட்டாங்க.

பாறை எப்படி நகரணும்னு சொல்லுது, தண்ணி எவ்வளவு வேகமான்னு சொல்லுது. அப்படின்னா நயாகராவில் எல்லாக் காலத்திலும் இதே அளவு தண்ணி வந்ததா?

இல்லை. இதைக் கில்பர்டே 1880களின் கடைசியில் கண்டு எழுதியிருந்தார். பனியுகத்தில் கனடா மேல் கிலோமீட்டர் கணக்கில் கனமான பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அந்த எடையில் நிலம் அமுங்கியது, வடக்கே அதிகமா அமுங்கியது. பனி விலகினபோது வடக்கே நிலம் தாழ்ந்து கிடந்ததால், சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான் மூன்று பெரிய ஏரிகளின் தண்ணியும் ஈரி ஏரிக்கு வராமல், நார்த் பே என்ற இடம் வழியா ஒட்டாவா ஆற்றுக்குப் போய்விட்டது. நயாகராவுக்குக் கிடைத்தது ஈரி ஏரியின் சொந்தத் தண்ணி மட்டும். இன்றைய அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. எடை போனதும் அமுங்கின மெத்தை மாதிரி நிலம் மெல்ல மெல்ல எழும்பியது. நார்த் பே வாசல் மேடாகி அடைபட்டது. தண்ணி மறுபடி தெற்கே திரும்பி நயாகராவுக்கு வந்தது.

பழைய ஏரிக்கரைகளில் புதைந்த மரங்களையும் சேற்றையும் ரேடியோகார்பன் முறையில் காலம் பார்க்க 1949க்குப் பிறகு வழி பிறந்தது. அதன் பிறகு கிடைத்த சித்திரம் இது: அருவி பிறந்து 12,000 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் சுமார் 10,500 வருஷத்துக்கு முன்பிருந்து 5,500 வருஷத்துக்கு முன்பு வரை, கிட்டத்தட்ட 5,000 வருஷம், அது பத்தில் ஒரு பங்குத் தண்ணியோடு தூங்கியது.

இப்போ அந்த வகுத்தலை மறுபடி போட்டுப் பார்ப்போம். பத்தில் ஒரு பங்குத் தண்ணிக்கு என்ன வேகம்? அளந்தே வைத்திருக்கோம்: அமெரிக்க அருவி, வருஷத்துக்கு 3 அங்குலம், அதாவது கால் அடி. தூங்கின 5,000 வருஷத்தில் நகர்ந்தது 1,250 அடி. மீதி 35,710 அடி. அதை லாட அருவியின் வேகமான 5 அடியால் வகுத்தால் 7,142 வருஷம். இரண்டையும் கூட்டினால் 12,142.

ரேடியோகார்பன் சொல்வதும் அதையொட்டித்தான்!

உடனே துள்ள வேண்டாம். எல்லிகாட்டின் நாற்பதைக் கிண்டல் பண்ணிட்டு நான் 142ஐக் கொண்டாடக் கூடாது. இது முரட்டுக் கணக்கு. ஆரம்பத்தில் லூயிஸ்டன் பக்கம் மேல்பாறையின் கனம் இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு, அங்கே வேகம் வேறயா இருந்திருக்கும். அமெரிக்க அருவியில் தண்ணி அகலமாப் பரவி விழுது, பழைய மெலிந்த ஆறு ஒடுக்கமாப் பாய்ந்து கொஞ்சம் கூடவே குடைந்திருக்கலாம். அதுபோக, பாதி வழியில் இருக்கும் பெரிய நீர்ச்சுழல் இருக்கே, அது பனியுகத்துக்கு முந்தைய ஒரு பழைய பள்ளத்தாக்கு, மண்ணும் சரளையும் நிரம்பிப் புதைந்து கிடந்தது. சுமார் 4,500 வருஷத்துக்கு முன் அருவி அதில் போய் முட்டினபோது, பாறையை உடைக்க வேண்டிய வேலையே இல்லாமல் மண்ணை மட்டும் வாரிக்கிட்டுத் தாண்டிவிட்டது. ஆறு அங்கே செங்கோணமா திரும்புவது அதனால்தான். இந்தத் தப்புகளில் சில விடையைக் கூட்டும், சில குறைக்கும். என் கணக்கில் ஒன்றையொன்று அடிச்சுக்கிட்டது கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஆனா ஒரு விஷயம் அதிர்ஷ்டம் இல்லை. ஒரே வேகத்தால் வகுத்தால் 7,400. தண்ணி குறைந்த காலத்தைத் தனியாப் பிரிச்சா 12,000. விட்டுப்போன அந்த ஐயாயிரம் வருஷத்தை எத்தனை துல்லியமான கருவியாலும் அருவியின் விளிம்பில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. அது இருந்தது பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நார்த் பேயில். பேக்வெல்லின் 3 அடி, 12,000 கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வந்ததே, அவர்தான் ஜெயித்தாரான்னு கேட்டா, இல்லை. அவர் அருவியின் இன்றைய வேகத்தைத்தான் சொல்ல வந்தார், அது தப்பு. வேகமா ஓடின காலமும் தூங்கின காலமும் சேர்ந்து சராசரி 3 அடி ஆனது அவருக்குத் தெரியாது.

இப்போ அந்தக் கடிகாரத்தை மனுஷனே மெதுவாக்கிட்டான். 1950ல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தில் பகலில் நொடிக்கு 1,00,000 கனஅடி, மற்ற நேரம் 50,000 கனஅடி அருவியில் விட்டால் போதும். ஆற்றில் சராசரியா வருவது சுமார் 2,00,000. மீதி மின்சாரத்துக்குப் போகுது. அதாவது பனிப்பாளம் செய்த வேலையை இப்போ சுரங்கக் குழாய்கள் செய்யுது. லாட அருவியின் இன்றைய வேகம் வருஷத்துக்கு ஒரு அடி அல்லது அதற்கும் குறைவுன்னு மதிப்பிடுறாங்க.

பாறை அடுக்குகள் அங்கே சமமட்டமா இல்லை, தெற்கு நோக்கி லேசா சாய்ந்து இருக்கு. அருவி தெற்கே போகப்போக மேல்பாறை கனமாகும், ஷேல் தண்ணி மட்டத்தை நோக்கி இறங்கிக்கிட்டே போகும். ஷேல் மொத்தமும் கீழே மூழ்கினால் குடைய எதுவும் இருக்காது. அப்போ பால்கனி இல்லை, இடிவதும் இல்லை. செங்குத்தான அருவி மெல்ல மெல்லச் சரிந்து, பாறைகளுக்கு நடுவே இரைச்சலோடு இறங்கும் ஒரு ஆறாகலாம். அதுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு கேட்டால், வகுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: எந்த வேகத்தால்?